புராஜெக்ட் மார்க் யாருக்கு... பிள்ளைக்கா, பெற்றோருக்கா?

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு, “அம்மா, நாளைக்கு சயின்ஸ் புராஜெக்ட் கொடுக்கணும்” என்ற குரல் கேட்காத வீடு உண்டா? உடனே சார்ட், ஸ்கெட்ச், தெர்மாகோல் என்று கடைக்கு ஓடுவோம். மறுநாள் மார்க் வாங்குவது பிள்ளை, உழைத்தது நாம்.

உண்மையான செயல்திட்டம் ஒரு கேள்வியில் தொடங்கும். ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்று, “எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். போர் தண்ணீர், மழைநீர், கொதிக்கவைத்து ஆறிய பின் தெளியவைத்த போர் தண்ணீர் மூன்றையும் ஒரே மாதிரி பாட்டில்களில் 50 மில்லி எடுக்க வேண்டும். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்கும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். மழைநீருக்கு 4, போர் தண்ணீருக்கு 24, கொதித்ததற்கு 15 என்று வந்தால், கடினத்தன்மையில் ஒரு பகுதி கொதித்ததும் போய்விட்டது, மீதி போகவில்லை என்று அர்த்தம். போன பகுதிதான் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்ற பாடம் இப்படிச் செய்து பார்த்த பிள்ளைக்கு மறக்காது.

சிக்கல் மார்க் போடும்போதுதான். இன்னொரு குழு சோப்புக்குப் பதில் துணி துவைக்கும் டிடர்ஜென்ட்டைக் கரைத்துவிட்டது. டிடர்ஜென்ட் கடின நீரிலும் நுரைக்கும் என்பதால் மூன்று பாட்டிலிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. “விடை தப்பு” என்று மார்க்கைக் குறைப்பதா? ஏன் அப்படி வந்தது என்று கண்டுபிடித்து, சோப்பை வைத்து மறுபடி செய்திருந்தால், அழகான சார்ட் கொண்டுவந்த குழுவைவிட அவர்கள்தான் அதிகம் கற்றிருக்கிறார்கள்.

அடுத்தது, ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் உழைக்க, ஐவருக்கும் ஒரே மார்க். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பில் முன்பு வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று இருந்தது. செயல்திட்டம் அந்த 40-க்குள் வந்தது; இது சின்ன விஷயமில்லை.

பத்து மார்க்கில் 4 குழுவுக்கு, 6 தனி மாணவருக்கு என்று பிரித்துவிடலாம். தேதி போட்ட நோட்டில் அவரவர் கையால் எழுதிய அளவுகளுக்கு 3. “கொதிக்கவைத்த பிறகும் ஏன் 4 சொட்டுக்கு இறங்கவில்லை?” போன்ற ஒரு கேள்விக்கு நேரில் சொல்லும் பதிலுக்கு 3. கடையில் வாங்கிய மாடல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

ஆனால் 40 பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே 200 நிமிடம். 40 நிமிட பீரியட் ஐந்து போய்விடும். அந்த நேரத்தைப் பாட அட்டவணையிலேயே ஒதுக்காமல் ஆசிரியர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது, சார்ட்டுக்கு பார்டர் போடுவதை விட்டுவிட்டு, “எத்தனை சொட்டு வந்துச்சு, ஏன்?” என்று கேட்பது.