நடந்து சென்ற பெண்மணி மீது சாரக் கிளாம்ப் விழுந்த விபத்து: ஒப்பந்ததாரர் தரப்பு அறிக்கையைத் திருத்தவும், நேராய்வு செய்யவும் கோரும் மனு

நாள்: 19.08.2024
சென்னை

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்
1. செயற்பொறியாளர், மாநகராட்சி மண்டல அலுவலகம்.
2. இணை இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்.
3. காவல் ஆய்வாளர், சட்டம் ஒழுங்கு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் தெருவில் தரைத்தள வாகன நிறுத்தமும் அதன்மேல் ஐந்து மாடிகளும் கொண்ட குடியிருப்பு ஒன்று கட்டப்பட்டு வருகிறது. 13.08.2024 செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணியளவில், அதன் முன்புறச் சாரத்தின் ஐந்தாம் மாடி மட்டத்திலிருந்து இரும்புக் கிளாம்ப் ஒன்று விழுந்து, தெருவில் நடந்து சென்ற பெண்மணியைத் தாக்கியது. அவர் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்பவர். கிளாம்ப் தலையின் பக்கவாட்டில் உரசி இடது தோளில் இறங்கியதில் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தலைக்கு நேராக விழுந்திருந்தால் இந்த மனுவை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

விபத்து பற்றி ஒப்பந்ததாரருக்காகச் சைட் இன்ஜினியர் எழுதிய ஒருபக்க அறிக்கையின் நகலை அந்தப் பெண்மணியின் மகனிடம் கொடுத்திருக்கிறார்கள். பலத்த ஆடிக் காற்றால் பொருள் விழுந்தது என்றும், பாதசாரி தடுப்பு நாடாவைத் தாண்டி வேலை நடக்கும் பகுதிக்குள் வந்துவிட்டார் என்றும், பணியாளர் எவருக்கும் காயமில்லை என்றும் அதில் இருக்கிறது. இந்த மூன்றில் கடைசி ஒன்றுதான் உண்மை. மற்ற இரண்டையும் நாங்கள் ஏன் மறுக்கிறோம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

விழுந்த கிளாம்ப் எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் பத்திரமாக இருக்கிறது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு கிலோவுக்குச் சற்று கூடுதலாகவே இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த இரும்பில் காற்று பிடிக்க இடமே இல்லை. அன்று காலை எதிர்வீட்டு வாசலில் போட்ட மாக்கோலம் விபத்து நடந்த பின்பும் கலையாமல் இருந்தது. நாங்கள் எடுத்த படத்தில் இரத்தக் கறைக்குப் பின்னால் அந்தக் கோலமும் தெரிகிறது. கோலப் பொடியைக் கலைக்காத காற்று கிளாம்பைத் தள்ளியிருக்க முடியாது.

நடந்தது இதுதான். பூச்சு வேலைக்காக மேல் சாரத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய கிளாம்புகளைச் சாக்கிலோ பாண்டிலோ போடாமல் பலகை மேலேயே வைத்திருந்தார்கள். பலகையின் வெளி ஓரத்தில், பொருள் உருண்டு விழாமல் தடுக்கும் ஓரப்பலகை இல்லை. பலகையைத் திருப்பும்போது கால் பட்டு உருண்டுவிட்டது என்று மேலே நின்ற தொழிலாளியே பதறி இறங்கி வந்து, அங்கிருந்தவர்களிடம் கைகூப்பிச் சொன்னார். அந்த இளைஞர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சாக்கும் ஓரப்பலகையும் கொடுக்க வேண்டியவர் அவரல்லர்.

சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் இரண்டு விநாடிக்குள் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. சாரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் பச்சை வலையைப் பார்த்து நாங்கள் எல்லோருமே பாதுகாப்பு இருப்பதாக நம்பியிருந்தோம். அந்த வலை தூசிக்கும் சிமெண்ட் தெறிப்புக்கும்தான். ஒரு கிலோ இரும்பை அது தாங்காது. முதல் மாடி மட்டத்தில் வலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. அதற்கு மேலே, இரண்டாம் மாடிப் படுக்கைக் குழாயில் பெயிண்ட் உரிந்து, பளபளப்பான புதிய அடித்தடம் ஒன்று இருக்கிறது. கிளாம்ப் நேராக விழாமல் அந்தக் குழாயில் மோதி, வெளிப்பக்கம் திரும்பி, வலையைக் கிழித்துக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறது என்பதற்கு இவ்விரண்டுமே சாட்சி. சாரத்துக்கு நேர் கீழே நின்றால்தான் ஆபத்து என்ற கணக்கு ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

அடுத்து, தடுப்பு நாடா. இரண்டு பீப்பாய்களுக்கு இடையே கட்டியிருந்த அந்தச் சிவப்பு வெள்ளை நாடாவை அன்று காலை டிப்பர் லாரி உள்ளே வருவதற்காக அவிழ்த்தார்கள். பிறகு கட்டவில்லை. லாரி கொட்டிய எம்-சாண்ட் தெருவின் பாதியை அடைத்துக்கொண்டதால், நடப்பவர்கள் சாரத்தை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. எதிர்வீட்டு வாசல் கேமராவில் 9.12-க்கு நாடாவை அவிழ்ப்பதும், 9.40 வரை பதினொரு பேர் அதே வழியில் போவதும் பதிவாகியிருக்கிறது. அவர்களில் இருவர் பள்ளிச் சீருடையில் இருக்கிறார்கள். அந்தப் பெண்மணி எதையும் தாண்டிப் போகவில்லை.

இந்த வரிகளைத் திருத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டடத் தொழிலாளி அடிபட்டால் இழப்பீட்டுக்குச் சட்ட வழி உண்டு. நடந்து போனவருக்கு அது பொருந்தாது. ஒப்பந்ததாரர் எடுக்கும் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ காப்பீட்டில் மூன்றாம் நபர் பொறுப்புக்கான பகுதி சேர்க்கப்பட்டிருந்தால் அதன்வழியாக அவருக்குப் பணம் கிடைக்கலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இந்த அறிக்கையைத்தான். காற்றும் பாதசாரியும்தான் காரணம் என்று அது நின்றுவிட்டால், மூன்று வீட்டுச் சம்பளத்தை இழந்து உட்கார்ந்திருக்கும் அவர் தன் பக்கத்தை நிரூபிக்க நீதிமன்றம் அலைய வேண்டும்.

அதேபோல், காயமடைந்தவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போகும் விபத்தை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. ‘பணியாளர் எவருக்கும் காயமில்லை’ என்று எழுதிவிட்டு அந்தக் கடமை முடிந்ததாக விட்டுவிடக் கூடாது என்பது எங்கள் வேண்டுகோள்.

எனவே, எல்லாவற்றுக்கும் முன்பாகச் சாரத்தைப் பிரிக்க விடாமல் நிறுத்தி வைக்க வேண்டுகிறோம். முன்புறப் பூச்சு முடியும் தறுவாயில் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் சாரம் இறங்கினால் குழாயிலுள்ள தடமும் கிழிந்த வலையும் அதோடு போய்விடும். மூன்று துறையினரும் சேர்ந்து நேராய்வு செய்து, அந்தத் தொழிலாளியின் வாக்குமூலத்தை அச்சமில்லாத சூழலில் பெற்று, ஒப்பந்ததாரரின் அறிக்கையோடு தங்கள் குறிப்பையும் சேர்க்க வேண்டும். கட்டுமானத்தின்போது அலட்சியமாக நடந்துகொள்வதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 290-ஆவது பிரிவு இங்கே பொருந்துமா என்பதைக் காவல் ஆய்வாளர் பரிசீலிக்க வேண்டும். காப்பீட்டு விவரத்தை ஒப்பந்ததாரர் அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தர வேண்டும். காப்பீடு இல்லையென்றாலோ தாமதமானாலோ, சிகிச்சைச் செலவையும் ஆறு வாரச் சம்பளத்தையும் அவரே தர உத்தரவாதம் பெற்றுத் தர வேண்டும்.

சாரத்தின் மேல் வேலை மறுபடி தொடங்குவதற்கு முன் தலைக்கு மேல் பாதுகாப்புத் தட்டு அமைக்கப்பட வேண்டும். 15 மீட்டருக்குக் குறையாத உயரமுள்ள கட்டடங்களுக்கு இது கட்டாயம் என்று 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. குறைந்தது 2 மீட்டர் அகலத்தில், தரையிலிருந்து 5 மீட்டருக்கு மிகாத உயரத்தில், விழுந்த பொருள் தெருப்பக்கம் உருளாமல் வெளி விளிம்பு உயர்ந்து உட்புறம் சரியும்படி அது இருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இருந்திருந்தால் கிளாம்ப் அதன் மேல் விழுந்து நின்றிருக்கும். அதனுடன் ஒவ்வொரு பலகைக்கும் ஓரப்பலகை, கழற்றிய கிளாம்புகளை இறக்கச் சாக்கும் கயிறும், மணலைத் தெருவில் கொட்டாமல் நடப்பவர்களுக்கு எதிர்ப்பக்கம் விட்ட வழி ஆகியவையும் வேண்டும்.

கிளாம்ப், கேமராப் பதிவு, படங்கள் ஆகியவற்றை நேராய்வின்போது ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம். நாளையே வந்தாலும் எங்கள் உறுப்பினர்கள் இடத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தலைவர் மற்றும் செயலாளர்,
சங்க உறுப்பினர்களுக்காக.

இணைப்பு: படங்கள், ஒப்பந்ததாரர் தரப்பு அறிக்கை நகல், மருத்துவச் சான்று நகல்.