தோன்றா எழுவாய் தண்ணீர் கொண்டுவராது



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் கீழேயே திட்டுங்கள், தனிச்செய்தியில் வேண்டாம்.

போன வாரம் குடும்பக் கூட்டம் ஒன்றில், "பேசினதை ராத்திரியே ஒரு மெயிலாப் போட்டுடுங்க, யாரு என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ளன்னு" என்றேன். என் மைத்துனருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? பேரு போட்டு தேதி போட்டா ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கு" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும், இதே கருத்தை வேறு வார்த்தையில் சொல்லும் என் மாணவர்களுக்கும்தான் இந்தப் பதில்.

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பணியாற்றிய பள்ளிகளில் ஒன்று, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் கிராமத்துப் பள்ளி. பெயர் வேண்டாம். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, போர் மோட்டார் எரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. முன்னாள் மாணவர்கள் 23 பேர் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் கூடினோம். இரண்டு மணி நேரம் பேசினோம். அங்கேயே ரூ.85,000 சேர்ந்தது. எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. தீர்மானத்தை நோட்டில் எழுதியவன் நான்தான். இப்படி எழுதினேன்:

"மோட்டாரைச் சீர்செய்யவும், தண்ணீர்த் தொட்டி அமைக்கவும் விரைவில் ஆவன செய்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கைதட்டினார்கள். பிரியாணி சாப்பிட்டோம். கலைந்தோம்.

மூன்று மாதம் கழித்துத் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். குறை சொல்லும் குரலில் இல்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார். "ஐயா, பிள்ளைங்க காலையில வீட்ல தண்ணி குடிக்காமத்தான் வராங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் குடிக்கிறதில்ல. குடிச்சா போகணுமேன்னு பயம். மாசத்துல அந்த நாளு வந்தா லீவு போட்டுடுறாங்க" என்றார்.

விசாரித்துப் பார்த்தேன். ஒரு மாணவர் எரிந்த மோட்டாரை காயில் கட்டக் கொடுத்திருந்தார். இன்னொருவர், அது தெரியாமல், புது மோட்டாருக்கு முன்பணம் கட்டியிருந்தார். தொட்டியை ஒருவரும் தொடவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருக்கிறார்கள். இதில் சோம்பேறி யாரும் இல்லை, துரோகி யாரும் இல்லை. தப்பு என் வாக்கியத்தில் இருந்தது.

என்னிடம் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 'செய்வேன்' என்று எழுதினால் 'நான்' என்ற சொல் வெளியே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும். தோன்றா எழுவாய் என்று சொல்லிக் கொடுத்தேன். நம் மொழியில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'செய்யப்படும்' என்று எழுதிப் பாருங்கள், ஆள் தப்பித்துவிடுவான். 'ஆவன செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது' என்பதில் செய்பவனும் இல்லை, காலமும் இல்லை. 'விரைவில்' என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத தேதி. முப்பது வருடம் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று பிள்ளைகளைக் கேட்ட நான், எழுவாய் இல்லாத ஒரு வாக்கியத்தை எழுதி, அந்தப் பிள்ளைகளின் தொண்டையைக் காயப் போட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு. மறுபடி கூடினோம். அன்று இரவு ஒன்பது மணிக்குள், நினைவு சூடாக இருக்கும்போதே, எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. அதை அப்படியே தருகிறேன். அசலில் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. இங்கே எடுத்துவிட்டேன்.

பொருள்: ஏப்ரல் 28 கூட்டம் – 2 முடிவுகள், 5 வேலைகள், கடைசித் தேதி ஜூன் 1

முடிவுகள்
1. பழைய மோட்டாரைச் சரிசெய்வதில்லை. புதிய நீர்மூழ்கி மோட்டார் வாங்குகிறோம். செலவு ரூ.30,000ஐத் தாண்டக் கூடாது.
2. 1,000 லிட்டர் தொட்டி இரண்டு வைக்கிறோம்.

வேலைகள்
1. தலைமையாசிரியையிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது – நான் – மே 3, வெள்ளி
2. போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து சொல்வது – (பெரம்பலூர் எலக்ட்ரீசியன் மாணவர்) – மே 8, புதன்
3. மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி அனுப்புவது – (அரியலூர் மாணவர்) – மே 11, சனி
4. மோட்டார் இறக்கி, தொட்டி ஏற்றி, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் கொட்டுவதை வீடியோ எடுத்து அனுப்புவது – (எலக்ட்ரீசியன் மாணவர்) – மே 25, சனி
5. ரசீதுகளுடன் வரவு செலவுக் கணக்கு – (பெங்களூரு மாணவர்) – ஜூன் 1, சனி

முடிவாகாதது: துப்புரவு செய்யும் அம்மாவுக்கு மாதாமாதம் நாம் தொகை கொடுப்பதா என்பது. ஜூன் கூட்டத்தில் பேசுவோம்.

நான் தப்பாக எழுதியிருந்தால் ஏப்ரல் 30, செவ்வாய் இரவுக்குள் எல்லோருக்கும் தெரியும்படி பதில் போடுங்கள்.

இவ்வளவுதான். யார் எப்படிப் பேசினார், யார் யாரைப் பாராட்டினார் என்பதெல்லாம் இதில் இல்லை. ஒரு வேலைக்கு ஒரே பெயர். இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் பதில் சொல்வது ஒருவர்தான். 'குழு பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினால் மறுபடி பழைய கதை. நான்காவது வேலையைப் பாருங்கள். 'மோட்டார் பொருத்துவது' என்று எழுதவில்லை. பொருத்திவிட்டு, குழாயில் தண்ணீர் வராமலே 'முடிந்தது' என்று சொல்ல முடியும். எது நடந்தால் முடிந்ததாகக் கணக்கு என்பது வரியிலேயே இருக்க வேண்டும்.

முடிவாகாததைத் தனியாக எழுதியதற்கும் காரணம் உண்டு. எழுதுகிறவன் கையில் பேனா இருக்கிறது. தனக்குப் பிடித்த யோசனையை முடிவு என்று நுழைத்துவிடலாம். அதற்குக் காவல்தான் அந்தத் தலைப்பும், கடைசியில் திருத்தக் கேட்கும் வரியும்.

மே 8 அன்று பதில் வந்தது. நாங்கள் நினைத்ததைவிடத் தண்ணீர் மிகவும் கீழே இறங்கியிருந்தது. நாங்கள் மனதில் வைத்திருந்த மோட்டார் அவ்வளவு ஆழத்திலிருந்து ஏற்றாது. அதிக ஸ்டேஜ் உள்ள மோட்டாரும் கூடுதல் குழாயும் கேபிளும் வேண்டும், ரூ.30,000 போதாது. விலைப்புள்ளிக்கு முன்னால் இந்த அளவு வந்ததால் தப்பான மோட்டார் வாங்காமல் தப்பித்தோம். உச்சவரம்பை மாற்ற எல்லோரிடமும் ஒப்புதல் கேட்டு இன்னொரு மின்னஞ்சல். எலக்ட்ரீசியன் மாணவர் தானாகவே எழுதினார்: "மே 25 முடியாது, ஜூன் 1க்குள் முடிக்கிறேன், காரணம் குழாய் வரத்து." தேதி தவறியது உண்மை. ஆனால் தவறப்போகிறது என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது. முதல் தடவை தவறியது தெரிய மூன்று மாதம் ஆனது. ஜூனில் பள்ளி திறந்தபோது குழாயில் தண்ணீர் வந்தது.

இப்போது எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

"மினிட்ஸ் புத்தகம் இருக்கே?" இருக்கட்டும். பணம், சட்டம், கையெழுத்துக்கு அது வேண்டும், அதை மின்னஞ்சலால் ஈடுசெய்ய முடியாது. ஆனால் அது பீரோவில் தூங்குகிறது. வேலை செய்ய வேண்டியவன் கண்ணில் படுவதில்லை.

"வாட்ஸ்அப் குரூப் போதாதா?" அன்றே இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் ஒரு குட்மார்னிங் ரோஜாவும் வந்து மூடிவிடும். மின்னஞ்சலைத் தேதியோடு தேடி எடுக்கலாம், அதே இழையில் பதில் சேர்ந்துகொண்டே போகும். மின்னஞ்சல் பார்க்காதவர்களுக்கு மட்டும் போன் போட்டுப் படித்துக் காட்டுங்கள்.

"பேர் போட்டால் மனசு சங்கடப்படும்." மைத்துனரே, இதுதான் உங்கள் கட்சி. கூட்டத்தில் வராதவர் தலையில் வேலையைக் கட்டி, கேட்காமல் பெயர் எழுதினால் சங்கடம்தான். அது தப்பு, அதைச் செய்யக் கூடாது. ஆனால் தன் வாயால் "நான் பார்த்துக்கிறேன், எட்டாம் தேதிக்குள்ள" என்று சொன்னவரின் பெயரை எழுதுவது எப்படி அவமானம்? அவர் சொல்லை மதித்ததால்தானே எழுதுகிறோம்? எழுதாமல் விட்டால்தான் பின்னால் முதுகுக்குப் பின் பேச்சு வருகிறது.

இது வெள்ளைக்காரன் அலுவலகப் பழக்கம் என்றும் ஒருவர் சொன்னார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். ஊர்ச்சபையின் முடிவு கல்லில் இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், பதவிக்காலம் 360 நாள் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். 'சில பேர்', 'கொஞ்ச காலம்' என்று வெட்டவில்லை.

நம் அரியலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பேசியதன் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவிலேயே மக்களுக்குத் தாய்மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ அன்றே கையெழுத்திட வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். அன்றே எழுது, சொன்னவர் முன்னால் படி, திருத்த விடு. நல்ல விதி. அதில் பதிவாவது நாம் கேட்டதும் நிறுவனம் சொன்ன பதிலும். அந்தப் பதில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று வந்தால், எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள்: யார்? எந்தத் தேதிக்குள்? அந்தக் கேள்வியும் பதிவாகும்.

பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி.யில் இருக்கும் மாணவர்களே, சிரிக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் எம்.ஓ.எம். சிலவற்றை எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். நாலு நாள் கழித்து, மூன்று பக்கம், கடைசி வரி 'டீம் டு செக்'. அந்த 'டீம்' யாரப்பா? உங்கள் ஆங்கிலத்திலும் எழுவாய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

குடும்பக் கூட்டத்துக்கான மின்னஞ்சலை நான் அன்றிரவே அனுப்பிவிட்டேன். குலதெய்வக் கோயில் மதில் வேலைக்குக் கொத்தனாரைப் பார்ப்பது மைத்துனர், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள். அவரே ஒப்புக்கொண்டதுதான். திருத்தம் எதுவும் இதுவரை வரவில்லை.

உங்கள்
தமிழய்யா