அளவை முதல் கமெண்ட்டில் வைக்காதீங்க

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ் எப்படிக் கொடுக்கணும்னு இன்ஸ்டாகிராமில் 7 ஸ்லைடு கரோசல் ஒன்று போட்டிருந்தேன். நாலாவது ஸ்லைடில் "பாக்கெட்டைத் தண்ணீரில் முழுசா கலக்கவும்" என்று மட்டும் எழுதினேன். எவ்வளவு தண்ணீர் என்பதை முதல் கமெண்ட்டில் எழுதி பின் பண்ணி வைத்தேன். ஸ்லைடு பார்க்க அழகா இருக்கணுமே!

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா குழந்தையோடு வந்தாங்க. பேதி குறைஞ்சிருந்தது. ஆனா குழந்தை ஓயாம அழுது தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தது. ரத்தத்தில் சோடியம் ஏறியிருந்தது. "எப்படிம்மா கலக்குனீங்க?" என்றேன். "இதைப் பார்த்துதான் டாக்டர்" என்று போனை நீட்டினாங்க. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய என் நாலாவது ஸ்லைடின் ஸ்கிரீன்ஷாட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்திருக்காங்க.

கணக்கைப் பாருங்க. பெரிய பாக்கெட்டில் சுமார் 21 கிராம் இருக்கும், அது 1 லிட்டர் தண்ணீருக்கு. சரியா கலந்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். அதையே 200 மில்லியில் கலந்தால் ஐந்து மடங்கு, அதாவது 375. நம்ம ரத்தத்திலேயே 140 பக்கம்தான். தாகம் அடங்குமா?

குழந்தையை அட்மிட் பண்ணி, சோடியத்தை மெதுவா இறக்கி, நல்லபடியா வீட்டுக்கு அனுப்பினோம். தப்பு அந்த அம்மாவுடையது இல்லை, என்னுடையது.

ஸ்லைடு ஊரெல்லாம் சுத்தும். கமெண்ட் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஸ்கிரீன்ஷாட்டோடு அது போகவே போகாது. அதனால எது இல்லேன்னா ஆபத்தோ, அது அதே ஸ்லைடில் இருக்கணும். இப்போ என் நாலாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் "பெரிய பாக்கெட் = 1 லிட்டர், சின்ன பாக்கெட் = 200 மில்லி, கவரில் போட்டிருப்பதைப் பாருங்க" என்று இருக்கு. டிசைன் கெட்டுப்போச்சுன்னு தம்பி திட்டினான். பரவாயில்லை.

அப்போ பின் பண்ற கமெண்ட் வேண்டாமா? வேணும். உலக சுகாதார நிறுவனத்தின் பக்கம், துத்தநாக மாத்திரை பற்றிய என் பழைய பதிவு, திரும்பத் திரும்ப வரும் "இளநீர் போதுமா டாக்டர்?" கேள்விக்குப் பதில், இதெல்லாம் அங்கேதான் இருக்கணும். ஒரு விஷயம், இன்ஸ்டாவில் கமெண்ட்டில் போடும் லிங்க் தொட்டால் திறக்காது. லிங்க்கை புரொஃபைல் பயோவில் வைத்து, கமெண்ட்டில் "பயோவில் இரண்டாவது லிங்க்" என்று வழி மட்டும் சொல்லுங்க. ஃபேஸ்புக்கில் இந்தச் சிக்கல் இல்லை, கமெண்ட்டிலேயே திறக்கும்.

திருத்தம் சொல்லவும் நல்ல இடம்தான், ஆனா சின்னத் தப்புக்கு மட்டும். போட்ட கரோசலில் படத்தை மாற்ற முடியாது என்பதால் "ஸ்லைடு 6-ல் எழுத்துப்பிழை" என்று பின் பண்ணலாம். அளவே தப்புன்னா அப்படிச் செய்யாதீங்க. நான் பழைய பதிவை அழிச்சிட்டு, மறுபடி புதுசாத்தான் போட்டேன். எண்ணூத்துச் சொச்சம் லைக் போச்சு.