பெருகியது ஆட்டிசமா, பதிவேடா?

ஆட்டிசம் ஒரு நவீனக் கொள்ளைநோய் என்று வாதிடுபவர்கள் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். எண்ணும் முறையைக் காட்டுவதில்லை.

டென்மார்க்கைப் பார்க்கலாம். 1994இல் அந்நாட்டு மருத்துவர்கள் ஐசிடி-8 நோய் வகைப்பாட்டிலிருந்து நேரே ஐசிடி-10க்கு மாறினார்கள். ஆட்டிசத்தின் வரையறை விரிந்தது. 1995 முதல் தேசிய மனநலப் பதிவேட்டில் புறநோயாளிகளும் சேர்ந்தார்கள். அதுவரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டுமே கணக்கில் இருந்தார்கள். பள்ளிக்குப் போய்வந்துகொண்டு, நண்பர்களோடு பேசத் திணறி, ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் சிறுவனுக்கு அந்தப் பழைய கணக்கில் ஏது இடம்? 1980 முதல் 1991 வரை பிறந்த குழந்தைகளின் பதிவுகளை அலசி 2015இல் வெளியான ஆய்வு, அங்கு ஆட்டிசப் பதிவுகளில் தெரிந்த உயர்வில் சுமார் 60 சதவீதத்துக்கு இந்த இரு மாற்றங்களே காரணம் என்றது.

மீதி 40? அது திறந்த கேள்விதான். பெற்றோரின் வயது, பெருகிய விழிப்புணர்வு எனப் பல காரணங்கள் இருக்கலாம். அந்த இடைவெளியில் தடுப்பூசியைச் செருகுவதுதான் மோசடி.

ஆட்டிசத்தை மூளை இயங்கும் இன்னொரு விதமாகக் காணும் நரம்புப் பன்மைப் பார்வை குறைபாட்டை மறுக்கிறது என்பது கொள்ளைநோய் வாதக்காரர்களின் அடுத்த குற்றச்சாட்டு. அந்தப் பார்வை கேட்பது வேறு: கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கும் நேரத்தில், பேச்சு வராத குழந்தைக்குப் படஅட்டையோ டேப்லெட்டோ கொடுத்து, பசியையும் வலியையும் சொல்ல வழிசெய்யுங்கள் என்கிறது. உதவி வேண்டாமென்று இதில் யார் சொன்னது?