தயக்கமும் சாட்சியமே: அகதிகளின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

பெங்களூரில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாஷைகளுக்கிடையே மொழிபெயர்ப்புப் பணி செய்துவரும் எங்கள் குழு, இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் வாக்குமூலங்களை எவ்விதம் மொழிபெயர்க்க வேண்டும் என்பதைப் பற்றி உறுப்பினர்களிடையே நெடுநாளாக இருந்துவந்த அபிப்பிராய பேதங்களை விவாதித்துத் தீர்த்துக்கொண்டு, தான் அடைந்த முடிவை இவ்வறிக்கையின் வாயிலாகப் பகிரங்கப்படுத்துகிறது. எங்களிடம் பணி ஒப்படைக்கும் வழக்கறிஞர்களும், மருத்துவர்களும், தொண்டு நிறுவனத்தாரும், எல்லாரினும் மேலாகத் தம் கதையை எங்களிடம் நம்பிக் கொடுப்பவர்களும், நாங்கள் எதைச் செய்வோம், எதைச் செய்ய மறுப்போம் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க உரிமையுள்ளவர்கள்.

எங்கள் நிலைப்பாடு இதுவே: துன்பத்தைக் கண்டும் அனுபவித்தும் வந்த ஒருவர் ‘நான்’ என்று தன்மையில் சொல்லும் சாட்சியத்தில், அவருடைய தயக்கம், மௌனம், சொன்னதைத் திரும்பப் பெற்று வேறு சொல்லுதல், அழுகை, கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லும் எச்சரிக்கை ஆகிய அனைத்தும் சாட்சியத்தின் பகுதிகளே. அவற்றை நீக்கி வாக்கியத்தைச் செம்மை செய்வது மொழிபெயர்ப்பு ஆகாது. சாட்சியத்தை மாற்றி எழுதுவதே ஆகும்.

செம்மை செய்வதால் நேரும் கேடு

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; அகதிகளுக்கென்று ஒரு தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. ஆகவே இந்நகரத்தில் எழுதி வாங்கப்படும் ஒரு வாக்குமூலம் எந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி கூற இயலாது: வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் படிக்கப்படலாம், நீதிமன்றத்தில் தாக்கலாகலாம், உறவினர் குடியேறியுள்ள ஏதோ ஒரு தேசத்தின் அதிகாரி பல வருஷம் கழித்து அதை எடுத்துப் பார்க்கலாம். அதைப் படிப்பவர் சொன்னவருடைய முகத்தைக் கண்டவர் அல்லர். எங்கள் தாள் ஒன்றே அவர் முன் இருக்கும்.

இதனுடன் எங்கள் ஊருக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. எங்கள் உறுப்பினரிற் பலர் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பேசப்படும் தமிழிலே வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்தவர் பேசும்போது, தாமும் தமிழர் என்ற தைரியத்தால், கேட்டதெல்லாம் விளங்கிவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. அந்நிய பாஷையில் ஒரு சொல் விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பவர் நின்று கேட்பார். தன் பாஷையிலேயே தவறாக விளங்கிக்கொண்டவருக்கு நிற்கத் தோன்றாது.

ஓர் உதாரணம்

எங்கள் பயிற்சிக்காக நாங்களே அமைத்துக்கொண்ட ஒரு பகுதியை இங்கே தருகிறோம். இது எந்தத் தனி மனிதருடைய வாக்குமூலமும் அன்று. ஆயினும் இதிலுள்ள சிக்கல் ஒவ்வொன்றும் பணியிலே எதிர்ப்படக்கூடியது. ஓர் அம்மையார் சொல்வதாகக் கொள்க:

“அண்டைக்குச் சுற்றிவளைப்பு. எங்களை எல்லாம் பள்ளிக்கூடத்திலை இருத்தினவை. பொம்பிளையள் ஒரு பக்கம், ஆம்பிளையள் மற்றப் பக்கம். தம்பியை… தம்பியை… (மௌனம், 9 வினாடி) தலையாட்டிக்கு முன்னாலை கொண்டுபோய் விட்டவையாம். ஒரு கிழமை கழிச்சு… இல்லை, பேந்துதான்… ஒராள் வந்து கதைச்சவர்.”

தமிழகத்துத் தமிழ் மட்டும் அறிந்தவர் இதிலே மூன்று இடங்களில் இடறுவார். ‘தலையாட்டி’ என்பது எதற்கும் ஆமாம் போடுபவரைக் குறிக்கும் என்று அவர் நினைப்பார். ஈழத்து வழக்கிலோ அது, சுற்றிவளைப்பின்போது முகம் மூடி நிறுத்தப்பட்டு, தன் முன் கொண்டுவரப்படுபவர்களுள் இன்னார் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று தலையசைத்துக் காட்டும் ஆளின் பெயர். ‘கிழமை’ என்றால் திங்கள், செவ்வாய் போன்ற நாள் என்று கருதுவார். அங்கே அது ஒரு வாரம். ‘கதைச்சவர்’ என்பதைக் கதை சொன்னார் என்று மாற்றிவிட்டாலோ, வெறுமனே பேசினார் என்னும் சொல் புனைந்துரைத்தார் என்னும் நிழலைப் பெற்றுவிடும். ஒருவருடைய நம்பகத்தன்மையே விசாரணைக்குரிய விஷயமாக இருக்கும்போது அந்நிழல் சிறியதன்று.

இம்மூன்றும் அகராதியாலும் அநுபவத்தாலும் திருந்தக்கூடிய பிழைகள். இவற்றினும் கொடிய பிழையைச் செய்பவர் வட்டார வழக்கை நன்கறிந்த, நடையழகில் ஆசையுள்ள மொழிபெயர்ப்பாளரே. அவர் ஆங்கிலத்தில் எழுதக்கூடியதைத் தமிழில் தந்தால் இவ்வாறு இருக்கும்: “சுற்றிவளைப்பின்போது இராணுவத்தினர் என் சகோதரனை முகமூடியணிந்த ஒற்றனின் முன் நிறுத்தினர். ஒரு வாரம் கழித்து ஒருவர் வந்து எங்களிடம் பேசினார்.” குறை சொல்ல இடமில்லாத வாக்கியங்கள்போல் தோன்றும் இவற்றில் நான்கு விஷயங்கள் மாறிப்போயின.

முதலாவது, ‘விட்டவையாம்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஆம்’ மறைந்தது. அம்மையார் பெண்கள் பக்கத்தில் இருந்தவர். நடந்ததை அவர் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டார். ஓருயிரும் ஒரு மெய்யும் கொண்டு தமிழ் சொல்லிவிடும் இவ்வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலத்தில் விகுதி ஏதும் இல்லாமையால், ‘என்று சொல்லக் கேட்டேன்’ எனத் தனித் தொடராகவே அதை விரித்தெழுத வேண்டும்; எழுதாவிட்டால் கேள்விச் செய்தி கண்ணால் கண்ட சாட்சியமாகிவிடுகிறது. இரண்டாவது, ‘அவை’ என்று மட்டும் குறிக்கப்பட்டவர்கள் இராணுவத்தினராக ஆக்கப்பட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது, ‘ஒரு கிழமை’ என்று தொடங்கி ‘இல்லை’ என்று அவரே கைவிட்ட காலக்கணக்கு உறுதியான தகவலாக நிலைபெற்றது. நான்காவது, தம்பி என்பவர் உடன்பிறந்தவரா, சித்தப்பா மகனா, பெரியம்மா மகனா என்பது கேட்கப்படாமலே ‘சகோதரன்’ என்று தீர்க்கப்பட்டது.

இதன் பலன் உடனே தெரியாது. இரண்டாம் விசாரணையில் அதிகாரி, “உன் சகோதரனைக் கொண்டுபோனதைப் பார்த்தாயா?” என்று கேட்கிறார். “நான் பார்க்கேல்லை” என்கிறார் அம்மையார். குடும்ப விவரப் படிவத்திலோ உடன்பிறந்த ஆண் எவரும் இல்லை. முன்னுக்குப் பின் முரண் என்று ஏட்டில் ஏறுகிறது. அந்த முரணை உண்டாக்கியவர் அம்மையார் அல்லர், மொழிபெயர்த்தவரே. வாக்குமூலத்திலுள்ள நேர்மையின் அடையாளங்களை அழித்துவிட்டு, அதே வாக்குமூலத்தை நேர்மையற்றதாகக் காட்டிவிடும் இந்த விபரீதமே எங்களை இவ்வறிக்கை எழுதத் தூண்டியது.

நினைவின் இயல்பும் உணர்ச்சியின் பதிவும்

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2002இல் ஜேன் ஹெர்லிஹியும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வொன்று, பிரிட்டனில் தங்க அனுமதி கிடைத்துவிட்டமையால் பொய் சொல்லக் காரணமில்லாத கொசோவோ, போஸ்னிய அகதிகளை இருமுறை பேட்டிகண்டு, ஒரே சம்பவத்தை அவர்கள் இருமுறையும் ஒரேவிதமாகச் சொல்லவில்லை என்றும், மையமான விஷயத்தைவிடச் சுற்றுவட்ட விவரங்களிலேயே வேறுபாடு மிகுந்தது என்றும் காட்டிற்று. நாளையும் எண்ணிக்கையையும் சொல்லும்போது நா தடுமாறுகிறதென்றால், தன் நினைவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்பவரே அளந்து காட்டுகிறார் என்று பொருள். அந்த அளவைத் துடைத்தெறிய எங்களுக்கு அதிகாரம் இல்லை.

உணர்ச்சியைப் பொறுத்தவரையில் எதிர்ப்புறத்துத் தவறையும் நாங்கள் விலக்குகிறோம். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் குறிப்போமேயன்றி, அதற்கு வியாக்கியானம் எழுதமாட்டோம். ‘அழுகிறார்’ என்பது குறிப்பு. ‘ஆற்றொணாத் துயரத்தால் உள்ளமுடைகிறார்’ என்பது எங்கள் கற்பனை. கொடிய சம்பவத்தைச் சொல்லும்போது ஒருவர் சிரித்தால், சிரிக்கிறார் என்றே எழுதுவோம். அது படிப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும் என்று மறைக்கவும் மாட்டோம், அதற்குக் காரணம் கற்பிக்கவும் மாட்டோம். ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லப்பட்டதற்கு உருக்கம் சேர்ப்பதும், உருக்கமாகச் சொன்னதை உலரவைப்பது போன்ற பிழையே.

பெண்கள் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லும் விதத்தில் இது மிகவும் நுட்பமாகிறது. ‘கெடுத்துப்போட்டாங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அந்தத் திரை அவர் தாமே இட்டுக்கொண்டது. அதை விலக்கிச் சட்டச் சொல்லை வைப்பதும், ‘துன்புறுத்தினார்கள்’ என்று மேலும் ஒரு திரை இடுவதும் எங்கள் வேலையன்று. அவர் ஆண்ட சொல்லை அதே அளவு மறைப்புடன் பெயர்த்து, வழக்கில் அது எதைக் குறிக்கும் என்பதை அடிக்குறிப்பில் தெரிவிப்போம். மேற்கொண்டு கேட்பதோ கேட்காதிருப்பதோ விசாரிப்பவரின் பொறுப்பு.

பிற இடங்களின் அநுபவம்

தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் 1996இல் நோட்ரோஸ் நோபோம்வு கொனிலே என்னும் தாய், 1986 மார்ச் 3ஆம் தேதி குகுலேதுவில் போலீசாரால் கொல்லப்பட்ட எழுவருள் ஒருவனான தன் மகனைப் பற்றிக் கோசா மொழியில் சாட்சி சொன்னார். அதன் ஆங்கிலப் பதிவில், மேல் நோக்கிப் பார்த்த ஓர் ஆட்டைப் பற்றி அவர் சொன்னது தொடர்பற்ற பேச்சாகத் தோன்றிற்று. ஆன்ட்சி குரோக், நோசிசி ம்போல்வேனி, கோபானோ ரடேலே ஆகிய மூவர் மூல ஒலிப்பதிவை மீண்டும் கேட்டு, புதிதாக மொழிபெயர்த்து, 2009இல் ஒரு நூலாகவே ஆராய்ந்து வெளியிட்டபோது, அந்த ஆடு தீய நிமித்தமாகக் கண்ட கனவு என்பதும், பேச்சுக்கு ஒரு கட்டுக்கோப்பு இருந்தது என்பதும் விளங்கின. ஒலிப்பதிவு பாதுகாக்கப்பட்டிருந்தமையாலேயே அந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று என்பது நாங்கள் அதனின்று கற்ற பாடம்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் அறியாமையுடையதன்று. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு, சாட்சி விசாரிக்கப்படும்போது அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி முக்கியமெனத் தோன்றுவதை நீதிபதி குறித்துவைக்க வேண்டும் என்று விதித்தது. சாட்சியை நேரே காணும் நீதிபதிக்கே அது கடமையென்றால், காணாத ஒருவருக்காக எழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு அது எவ்வளவு அதிகமான கடமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாங்கள் கைக்கொள்ளும் விதிகள்

1. சொன்னவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே எழுதுவோம். ‘அவர் கூறுகிறார்’ என்று இடையில் நிற்கமாட்டோம்.

2. மூன்று வினாடிக்கு மேற்பட்ட மௌனத்தை வினாடிக் கணக்குடன் அடைப்புக்குறிக்குள் தருவோம். கைவிட்ட தொடர்களையும் திருத்தங்களையும் அவ்வாறே விடுவோம்.

3. உறவுப்பெயர், மாதப்பெயர், வட்டாரச் சொல் ஆகியவற்றை மூல வடிவில் வைத்து அடிக்குறிப்பு எழுதுவோம். ஈழத்தவர் ‘ஆடி’ என்றால் பெரும்பாலும் ஜூலை மாதம். நம் பஞ்சாங்கத்து ஆடியோ ஜூலை நடுவில் தொடங்குவது. ஐயம் எழுந்தால் சொன்னவரிடமே கேட்டறிவோம்.

4. ஈழத்து வழக்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஒலிப்பதிவுடன் ஒப்பிட்டுப் பாராத மொழிபெயர்ப்பில் கையொப்பமிடோம்.

5. முடிந்த பிரதியைச் சொன்னவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். அவர் செய்யும் திருத்தங்களை மூலத்தில் கலந்துவிடாமல், தேதியிட்டுப் பின்னே சேர்ப்போம்.

படிப்பதற்கு எளிதான சுருக்கம் வேண்டுமென்று வழக்கறிஞர்கள் கேட்பது நியாயமே. அதைத் தனித் தாளில், சுருக்கம் என்று தலைப்பிட்டு, முழுப் பிரதியுடன் சேர்த்தே கொடுப்போம்; தனியே கொடுக்கமாட்டோம். இம்முறையால் காலமும் செலவும் கூடும் என்பதையும், இடைநிறுத்தங்கள் நிறைந்த பிரதியைக் கண்டு அவசரக்கார அதிகாரி சலிப்படையலாம் என்பதையும் நாங்கள் அறிவோம். அதற்கு விடையாக ஒவ்வொரு பிரதியின் முதற்பக்கத்திலும் குறியீடுகளின் விளக்கத்தை அரைப்பக்க அளவில் வைக்கிறோம். அதற்கு மேல் இறங்கிவர எங்களால் இயலாது.

மேலே காட்டிய உதாரணத்தில் அம்மையார் ‘தம்பியை’ என்று இருமுறை தொடங்கி ஒன்பது வினாடி நின்றார். அந்த ஒன்பது வினாடியில் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் அங்கே நின்றார் என்பது தெரியும். தெரிந்த அவ்வளவையும் எழுதுவது, தெரியாததை எழுதாதிருப்பது என்னும் இரண்டுக்குள் எங்கள் பொறுப்பு முழுவதும் அடங்குகிறது.