ஹார்டு டிஸ்க்கில் பாகப்பிரிவினை: 746 ஜி.பி. எங்கே போயிற்று?

3 டெராபைட் ஹார்டு டிஸ்க் என்று சொல்லிக் கடையில் விற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டினால், சில சமயம் 2 டெராபைட்டுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை! "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கோபம் வருகிறது. டிஸ்க் முழுசாகத்தான் இருக்கிறது. குற்றம் 1983-ம் ஆண்டு வந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

அது என்ன கணக்கு?

டிஸ்க் என்பது வரிசையாகப் போட்ட கட்டங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் ஒரு கட்டத்துக்கு 512 பைட் என்று கணக்கு. எந்தப் பாகம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எத்தனை கட்டம் நீளம் என்று முதல் கட்டத்திலேயே எழுதி வைக்கிறார்கள். மனைக்குப் பட்டா போல. இதற்கு எம்.பி.ஆர். என்று பெயர்.

ஐ.பி.எம். கம்பெனியின் கம்ப்யூட்டருக்காக இது வந்த 1983-ல், அதன் டிஸ்க் வெறும் 10 மெகாபைட்! ஆகவே சிக்கனமாக எழுதினார்கள். நான்கு பாகங்களுக்கு மட்டுமே வரி. நீளத்தை எழுத நான்கு பைட் இடம். அந்த இடத்தில் சுமார் 429½ கோடி வரைதான் எண் எழுத முடியும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 3 டெராபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய 586 கோடிக் கட்டங்கள் இருக்கின்றன. 429½ கோடிக்குப் பட்டா கிடைக்கிறது. அதுதான் 2,048 ஜி.பி. மீதி 156½ கோடிக் கட்டங்கள், அதாவது 746 ஜி.பி., பட்டா இல்லாத புறம்போக்கு!

(இரண்டையும் கூட்டினால் 2,794 தானே வருகிறது, 3,000 எங்கே என்று கேட்பீர்கள். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.)

புதிய பட்டியல்

இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ஜி.பி.டி. எண் எழுத எட்டு பைட் இடம் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் எந்த டிஸ்க்கும் அதற்குள் அடங்கிவிடும். விண்டோஸில் 128 பாகம் வரை பிரிக்கலாம்.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது அளவு அல்ல. பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கிறது! ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்தில், நகல் ஒன்று கடைசியில். எழுத்து கெட்டுப்போனால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. பழைய முறையில் முதல் கட்டம் அழிந்தால் பாகங்களே தெரியாமல் போகும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் டிஸ்க்கில் இருக்கும். எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஜி.பி.டி.யில் கடைசி நகலைக் கொண்டு `gdisk` போன்ற கருவியால் பட்டியலை மீட்கலாம். படங்களுக்கு இது நகல் ஆகாது. எல்லைக்கு மட்டுமே நகல்.

ஆகவே புது டிஸ்க் எதற்கும் ஜி.பி.டி.தான் போட வேண்டும் என்பது என் கட்சி. "எப்போதும் இப்படித்தான்" என்று எம்.பி.ஆர். போட்டுக் கொடுப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸில் `Disk Management` திறந்து, டிஸ்க்கின் பெயர் மேல் வலது பட்டனை அழுத்தி `Properties`, பிறகு `Volumes` பாருங்கள். `Partition style` என்ற வரியில் `MBR` அல்லது `GPT` என்று இருக்கும். காலி டிஸ்க் என்றால் மறுபடி டிஸ்க்கின் பெயர் மேல் வலது பட்டனை அழுத்தி `Convert to GPT Disk` கொடுத்தால் தீர்ந்தது. பாகம் இருந்தால் அது அழுத்த வராது. படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, பாகங்களை அழித்த பிறகே வரும்.

ஓர் எச்சரிக்கை! படங்கள் நிறைந்த பழைய டிஸ்க்கை மாட்டும்போது `Initialize Disk` என்று கேட்டால் சம்மதம் கொடுக்காதீர்கள். பட்டியலைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். சம்மதித்தால் புதுப் பட்டியலை எழுதிவிடும்; மீட்பது இன்னும் கடினம்.

டிஸ்க் முழுவதுமே 746 ஜி.பி. என்று காட்டினால் விஷயம் வேறு. டிஸ்க்கை வைத்திருக்கும் யு.எஸ்.பி. பெட்டி பழையது; அதற்கே பெரிய எண் தெரியவில்லை. பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

ஜி.பி.டி.க்கும் எல்லை உண்டு. அதிலிருந்து விண்டோஸ் தொடங்க, யு.இ.எஃப்.ஐ. உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். சாதாரண விண்டோஸ் எக்ஸ்பி அதைப் படிக்காது. சில பழைய டி.வி.க்களும் படிக்கா. அவற்றுக்கு 2 டெராபைட்டுக்குள் ஒரு டிஸ்க் வாங்கி எம்.பி.ஆர். போடுங்கள். ஒழுங்காக ஓடுகிற பழைய 1 டெராபைட் டிஸ்க்கையும் இதற்காகக் கலைக்க வேண்டாம்.