பெயர்ச்சியில் தொடங்க வேண்டாம்

ஜோதிடத்தைத் தானே கற்கப் புகுபவர் பெரும்பாலும் கடைசிப் பாடத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். பெயர்ச்சிப் பலனும் தசா புத்தியும் எங்கும் கிடைப்பதே அதற்குக் காரணம். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்கு மாறியது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தது. கிரக நிலையைக் கணிக்கும் முறையே இரண்டு என்பதை அறியாதவர் இங்கேயே குழம்பிவிடுவார். ராசி, கிரகம், பாவம், பார்வை, தசை என்ற வரிசைதான் பொருத்தமானது. இதில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதன் மேல்தான் நிற்கிறது.

தாண்டிக்குடியில் ஒரு சித்திரை நாளில் சூரிய உதயத்தின்போது ஒரு குழந்தையும், அஸ்தமனத்தின்போது இன்னொன்றும் பிறப்பதாகக் கொள்வோம். சூரியன் மேஷத்தில், குரு கடகத்தில் உச்சம், சந்திரன் திருவாதிரையில். ராசியும் கிரகமும் மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒரே ஜாதகம். ஆனால், காலைக் குழந்தைக்கு மேஷ லக்னம்; குரு 9, 12-க்கு அதிபதியாகி 4-ல் இருக்கிறார். மாலைக் குழந்தைக்குத் துலா லக்னம். அதே குரு 3, 6-க்கு அதிபதியாகி 10-ல் இருக்கிறார். உச்ச குரு நல்லவர் என்று மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார். லக்னத்தைச் சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. சூரியன் உதயத்தில் லக்னத்தை ஒட்டியும், நண்பகலில் 10-ஐ ஒட்டியும், அஸ்தமனத்தில் 7-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். பகல் 12 மணிக்குப் பிறந்தவருக்குச் சூரியன் 4-ல் விழுந்தால், இரவு, பகல் மாற்றிக் குறிக்கப்பட்டிருக்கிறது. தாண்டிக்குடி போன்ற மலையூரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: உதயம் என்பது பஞ்சாங்கம் சொல்லும் நேரம், முகட்டுக்கு மேல் வெயில் தெரியும் நேரம் அல்ல.

பார்வையை ராசிக் கட்டத்திலேயே எண்ணிவிடலாமே, பாவம் எதற்கு என்று கேட்கலாம். எண்ணலாம்தான். கடக குருவின் 5, 7, 9-ஆம் பார்வைகள் இருவருக்கும் விருச்சிகம், மகரம், மீனத்தில்தான் விழுகின்றன. ஆனால், அவை காலைக் குழந்தைக்கு 8, 10, 12-ஆம் இடங்கள். மாலைக் குழந்தைக்கு 2, 4, 6. பார்வை விழும் இடம் தெரிந்தாலும், அது எதைத் தொடுகிறது என்பதைப் பாவம்தான் சொல்லும்.

தசையை மென்பொருளே நொடியில் கணித்துத் தருகிறதே என்பது அடுத்த வாதம். அது தருவது தேதி மட்டுமே. திருவாதிரைக்கு ராகு தசை, மொத்தம் 18 ஆண்டு. காலையில் நட்சத்திரத்தில் கால் பங்கு கடந்திருந்தால் ராகு தசை இருப்பு பதின்மூன்றரை ஆண்டு. மாலைக்குள் சந்திரன் ஏறக்குறைய இன்னும் பாதி நட்சத்திரம் நகர்ந்துவிடுவதால் இருப்பு சுமார் நாலரை ஆண்டாகிவிடும். குரு தசை ஒருவருக்குப் பதின்மூன்றரை வயதிலும் மற்றவருக்கு நாலரை வயதிலும் தொடங்கும். அந்த 16 ஆண்டுகளில் குரு எதைக் குறித்துப் பேசுவார் என்பதை அவர் ஆளும் வீடும் நின்ற வீடும் பார்க்கும் வீடுமே தீர்மானிக்கின்றன. அந்த மூன்றையும் தாளில் எழுத முடியாதவர் தசைப் பாடத்தைத் திறக்க வேண்டாம்.